நிமிடத்துக்கு ஒருமுறை மாறும் மணி

சிதம்பரம் கீழ வீதியில் எனக்கொரு செல்போன் சர்வீஸ் கடை இருக்கிறது. நான் சரிசெய்த போன் மறுபடி மக்கர் செய்தால் சொல்வதற்கு மூன்று காரணங்கள் வைத்திருக்கிறேன்: தண்ணீர் பட்டிருக்கும், சார்ஜர் டூப்ளிகேட், டவர் சரியில்லை. மூன்றிலும் நான் கிடையாது.

என்னோடு பள்ளியில் படித்தவன் கடலூர்ப் பக்கம் ஒரு குப்பத்தில் படகு வைத்திருக்கிறான். செகண்ட் ஹேண்டில் பெரிய போன் ஒன்று வாங்கினான். அதில் திரை அணைந்த பிறகும் மணி மட்டும் மங்கலாகத் தெரிந்துகொண்டே இருக்கும். வலை இழுக்கிற ஈரக் கையால் தொட்டால் எந்தப் போனும் சொன்ன பேச்சைக் கேட்காது. தொடாமலே மணி பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் அதை வாங்கினான். படகில் விழுந்து திரை உடைந்தது. கைவசம் இருந்த வேறொரு திரையை மாட்டி, "அச்சு அசல் அதேதான் மச்சான்" என்றேன்.

அன்றிலிருந்து தினமும் கரைக்கு வருமுன்பே சார்ஜ் தீர்ந்து போன் செத்துப்போனது. கேட்டதற்கு, "கடல்ல டவர் தேடும், சார்ஜ் ஜாஸ்தி குடிக்கும்" என்றேன். நம்பினான்.

அவன் மனைவி நம்பவில்லை. குடியை விட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது அவனுக்கு. கரை ஏறியதும் போனை வேண்டுமென்றே அணைத்துவிட்டுப் பழையபடி குடிக்கப் போகிறான் என்று நினைத்தாள். என்னைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"அண்ணா, அந்த போன்ல ஏதாவது கோளாறு இருக்குதா?"

"ஒண்ணுமே இல்லம்மா. சாயங்காலம் வரைக்கும் சார்ஜ் நிக்கும்."

வேலை சுத்தம் என்று காட்டிக்கொள்ளும் வழக்கமான பதில். அன்றிலிருந்து அவள் அவனோடு பேசவில்லை. சோற்றை வைத்துவிட்டுப் போய்விடுவாளாம்.

இரண்டு மாதம் கழித்து, பேட்டரியாவது மாற்றிக் கொடு என்று வந்தான். அன்று அதே மாடல் போன் இன்னொன்று, காலேஜ் வாத்தியார் ஒருவருடையது, ஸ்பீக்கர் வேலைக்கு வந்திருந்தது. அதில் கம்பெனித் திரை. என்ன தோன்றியதோ, இரண்டையும் டவர் தேடாதபடி ஏரோப்ளேன் மோடில் போட்டு, பேட்டரியைக் கழற்றிவிட்டு, மேஜையிலிருந்த பவர் சப்ளையில் ஒவ்வொன்றாக மாட்டினேன். எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று அதன் மீட்டரில் தெரியும்.

இரண்டிலும் அதே கறுப்புத் திரை, அதே மங்கலான மணி. கறுப்பாக இருக்கும் புள்ளிகள் இரண்டிலுமே எரிவதில்லை. ஆனால் வாத்தியார் போனில் மீட்டர் எண் இறங்கி அடங்கியது. நான் திரை மாட்டிய போனில் அதைப்போலப் பல மடங்கில் நின்றது.

விஷயம் இதுதான். கம்பெனித் திரை, படம் ஓடும்போது வினாடிக்கு நூற்றிருபது தடவை தன்னைத் திரும்ப வரைந்துகொள்ளும். ஒன்றும் அசையாதபோது ஒரே தடவைக்கு இறங்கிவிடும். ஒவ்வொரு புள்ளிக்கும் கொடுத்த மின்சாரம் கசியாமல் நிற்கும்படி செய்திருப்பதால் அது முடிகிறது. நான் மாட்டியதில் கசிந்துவிடும். எதைக் காட்டினாலும் அது வினாடிக்கு அறுபது தடவைதான். நிமிடத்துக்கு ஒருமுறை மாறுகிற மணியை நிமிடத்துக்கு மூவாயிரத்து அறுநூறு தடவை வரைந்துகொண்டிருந்தது. அதை ஓட்டுகிற சிப்பும் கூடவே விழித்திருந்தது.

எப்போதும் மணி காட்டுவதை செட்டிங்கில் அணைத்திருந்தால் சார்ஜ் நின்றிருக்கும். புது பேட்டரியால் சரியானது என்று சொல்லியிருக்கலாம். விரல் அந்தப் பட்டன்வரை போனது. எதிரில் அவன் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது. சொல்லிவிட்டேன்.

அவன் திட்டவில்லை. "இத அவ கிட்ட வந்து சொல்லு" என்றான்.

கம்பெனித் திரையை வரவழைத்து மாட்டி, பழைய திரையையும் அந்த மீட்டர் பெட்டியையும் பையில் போட்டுக்கொண்டு அடுத்த வாரம் அவனோடு கடலூருக்குப் போனேன். நான் நடந்ததைச் சொல்ல, அவள் வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டாள். மீட்டரை எடுத்தேன், அவள் அதைப் பார்க்கவில்லை.

"நா அன்னைக்கி கேட்டப்ப போனை தொறந்து பாத்துட்டா சொன்னீங்க?"

"இல்லம்மா."

"சார்ஜ் போயிருச்சுன்னு அவுரு தெனம் ஒரே பதிலத்தான் சொன்னாரு. நா உங்க பேச்சத்தான் நம்புனேன்."

என்னிடமிருந்த மூன்று காரணங்களில் எதுவும் இதற்குப் பொருந்தவில்லை.

அவள் அவன் பக்கம் திரும்பினாள். "சாப்டியா?" என்று கேட்டாள்.

வழியில் என்னோடு உட்கார்ந்து நாலு பரோட்டா தின்றவன், "இல்ல" என்றான்.