டி டிரைவில் காணாமல் போன என் ஃபோல்டர்

ஆடி மாதத்தில் கல்யாணம் கிடையாது. தாம்பரத்தில் நானும் என் நண்பனும் நடத்திய வீடியோ ஸ்டுடியோவில் அந்த மாதம்தான் கம்ப்யூட்டருக்குப் புது விண்டோஸ் போடுவோம். வருஷம் முழுக்க எடிட்டிங் செய்து திணறிப்போயிருக்கும் இயந்திரம் அதற்குப் பிறகு கொஞ்ச நாள் சொன்ன பேச்சைக் கேட்கும்.

ஹார்ட் டிஸ்க்கை இரண்டாகப் பிரித்து வைத்திருந்தோம். சி டிரைவில் விண்டோஸும் எடிட்டிங் சாஃப்ட்வேரும் மட்டும். எங்கள் வேலையெல்லாம் டி டிரைவில். சி-யை எத்தனை முறை துடைத்துப் புதுசாகப் போட்டாலும் டி-க்கு ஒன்றும் ஆகாது. டி-யில் அவன் பெயரில் ஒரு ஃபோல்டர், என் பெயரில் ஒன்று. டெஸ்க்டாப்பில் எதையும் போட்டு வைக்காதே, அதுவும் சி-தான் என்று நான் அவனிடம் கத்தாத நாளில்லை.

அந்த வருஷம் பொழிச்சலூரில் தனியாகக் கடை போட இடம் பார்த்திருந்தேன். புதிதாகக் கடை திறப்பவனிடம் ஆட்கள் முதலில் கேட்பது சாம்பிள். அதுவரை நான் எடுத்து வெட்டிச் சேர்த்த நல்ல வீடியோக்கள் எல்லாம் என் ஃபோல்டரில்தான் இருந்தன. கையில் இருந்த மூலதனம் அதுதான். கடை விஷயத்தை முதலில் அவனிடம்தான் சொன்னேன். அவன் கட்டிப்பிடித்து, "சூப்பர் மச்சான், நீ நல்லா வருவ" என்றான்.

நான் குடும்பத்தோடு வெளியூர் போயிருந்த வாரத்தில் அவனே விண்டோஸ் போட்டுவிட்டான். திரும்பி வந்து டி-யைத் திறந்தேன். அவன் ஃபோல்டர் இருந்தது. என்னுடையது இல்லை.

"இன்னாடா இது? என் ஃபோல்டர் எங்க?"

"விண்டோஸ் போடும்போது போயிருக்கும் மச்சான். நான் இன்னா பண்றது?"

"சி-ல தானே போட்ட? டி-யைத் தொட்டியா?"

"தொடவே இல்லடா."

"தொடலைன்னா எப்படிப் போகும்? டி-யை ஃபார்மட் பண்ணியிருந்தா உன்னுதும் சேர்ந்துல்ல போயிருக்கணும்?"

அவன் ஸ்கிரீனைப் பார்த்தபடியே, "சும்மா பேஜார் பண்ணாத. கம்ப்யூட்டர்ல எது வேணா நடக்கும்" என்றான்.

நடக்காது. புது விண்டோஸ் போட்ட பிறகு பழைய ஃபோல்டரைத் திறக்க அனுமதி கேட்டு முரண்டு பிடிக்கலாம். ஆள் பார்த்து ஒருவனுடையதை விட்டுவிட்டு இன்னொருவனுடையதை விழுங்காது. இதை அவனுக்கே பத்து தடவை விளக்கியவன் நான். என்னிடமே அந்தப் பொய்யைச் சொன்னான்.

அழிந்ததை மீட்கும் சாஃப்ட்வேர் ஒன்றை ஓட்டிப் பார்த்தேன். அழித்த இடத்தின்மேல் வேறு எதுவும் எழுதாமல் இருந்தால் பெரும்பாலும் கிடைத்துவிடும். அவனோ எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் கிடந்த பழைய கல்யாணங்களை எல்லாம் கொண்டுவந்து டி-யில் கொட்டி, இடமே இல்லாமல் ரொப்பி வைத்திருந்தான். எனக்கு வந்ததெல்லாம் பாதியில் சாம்பல் கட்டங்களாக உறைந்து நின்ற துண்டுகள்.

என் மேலும் எனக்குக் கோபம்தான். டி டிரைவ் விண்டோஸிடமிருந்து காப்பாற்றும். பக்கத்து நாற்காலிக்காரனிடமிருந்து காப்பாற்றாது. வேறொரு டிஸ்க்கில் இன்னொரு காப்பி வைக்க எனக்குத் தோன்றவே இல்லை, ஏனென்றால் பக்கத்து நாற்காலியில் இருந்தது அவன். அவன் ஃபோல்டரை ஒரு பட்டனைத் தட்டி அழித்துவிடலாம் என்று தோன்றியது. செய்யவில்லை. அதில் இருந்தவை யார் யார் வீட்டுக் கல்யாணங்களோ. பையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

ஆவணியில் பொழிச்சலூர் கடையைத் திறந்தேன். வந்தவர்கள் எல்லாரும் சாம்பிள் கேட்டார்கள். "இனிமேதாங்க எடுக்கணும்" என்று சொன்னதும் நாகரிகமாக எழுந்து போனார்கள். அவன் பொறாமையில் அழித்துத் தொலைத்துவிட்டான் என்றே அந்த நாட்களில் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் கீழ்க்கட்டளையிலிருந்து ஓர் அம்மா மகளோடு வந்தார். மகளுக்குத் தை மாதத்தில் கல்யாணம். அந்தப் பெண் சாம்பிள் கேட்கவில்லை. தன் போனில் ஒரு வீடியோவை ஓட்டி என் பக்கம் நீட்டினாள்.

"அண்ணா, எங்களுக்கு இந்த மாதிரி வேணும்."

மாடம்பாக்கம் கோயிலில் நான் எடுத்த கல்யாணம். தாலி கட்டும் நேரத்தில் மாப்பிள்ளை தும்ம, மணப்பெண் அடக்க முடியாமல் சிரிப்பாள். வேண்டாம் என்று எல்லாரும் சொன்ன அந்தச் சிரிப்பை நான்தான் வெட்டாமல் வைத்தேன். மூலையில் என் பழைய நண்பன் புதிதாக வைத்துக்கொண்ட ஸ்டுடியோ பெயர் மின்னியது. கீழே அடுத்தடுத்து வரிசையாக, காணாமல் போன என் வீடியோக்கள், ஒன்று குறையாமல்.

"தாம்பரத்துல ஒருத்தர் எடுத்ததுண்ணா. அவரு ரேட்டு ஜாஸ்தி" என்றாள். பிறகு தயங்கி, "உங்களால இந்த அளவுக்கு எடுக்க முடியுமா?" என்று கேட்டாள்.