செவ்வாய்க்கிழமைப் பொரி

எனக்கு ஓர் இடத்தில் உட்கார வராது. கல்லாவில் உட்கார்ந்தாலும் ஒரு கால் தரையைத் தட்டிக்கொண்டே இருக்கும். பெரியநாயக்கன்பாளையத்தில் மேட்டுப்பாளையம் ரோட்டிலிருந்து பிரியும் சந்தில் எங்கள் மளிகைக் கடை. பதினாலு வருஷமாக அங்கே எடை போட்டேன், பாக்கெட் கட்டினேன், சில்லறை கொடுத்தேன். எந்தச் சரக்கு, எவ்வளவு, எப்போது என்று ஆர்டர் சொல்வது மட்டும் என் வீட்டுக்காரர் கையில் இருந்தது. நான் ஏதாவது சொல்லப் போனால், "உனக்கு அது தெரியாது அம்மணி, சும்மா இரு" என்பார். கோபமாகக்கூடச் சொல்ல மாட்டார். ஈயை ஓட்டுவது போலச் சொல்வார். அதில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் கடைக்குத் தீபாவளிக்கு முன்னாலேயே வந்து ஆட்டி வைப்பது ஆயுத பூஜை. சுற்றிலும் லேத் பட்டறைகள், மோட்டார் பாகம் செய்யும் சின்னச் சின்னக் கம்பெனிகள். பூஜையன்று லீவு என்பதால் முந்தின நாளே எந்திரங்களைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மத்தியானம் மூன்று, நாலு மணிக்குள் சாமி கும்பிட்டு, ஆட்களுக்குப் பொரி, கடலை, வெல்லம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆகவே எங்களுக்குப் பண்டிகை என்பது பண்டிகைக்கு முந்தின நாள் மத்தியானம் மூன்று மணி. அதற்கப்புறம் பொரி இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று.

போன வருஷம் அவர் பத்து நாள் முன்னாடியே பொரி மூட்டையை இறக்கிவிட்டார். நடுவில் மூன்று நாள் விடாத மழை. பிரித்துப் பார்த்தால் பொரி ஈரத்துணி மாதிரிக் கிடந்தது. அதையே பாக்கெட் போட்டுக் கொடுத்தோம். இரண்டு பட்டறைக்காரர்கள் மெயின் ரோட்டு சூப்பர் மார்க்கெட்டுக்குப் போய்விட்டார்கள், மாதச் சாமானுக்கும் சேர்த்து. அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு நாய்கூட வாலைச் சுருட்டிக்கொண்டது. "அடுத்த வருஷம் நீயே போட்டுக்க" என்று ஆர்டர் நோட்டை என் மடியில் வைத்துவிட்டு எழுந்து போனார். விளையாட்டுக்குச் சொன்னாரோ என்னவோ, நான் விடவில்லை.

இந்த வருஷம் ஆடி முடிந்ததும் ஒரு பழைய மாதக் காலண்டர் தாளைத் திருப்பி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். ஆயுத பூஜையிலிருந்தும் தீபாவளியிலிருந்தும் பின்னோக்கி வாரம் வாரமாக எண்ணினேன். ஒவ்வொரு சரக்குக்கும் மூன்று கட்டம்: என்றைக்குச் சொல்ல வேண்டும், என்றைக்கு வந்து இறங்கும், எத்தனை நாள் தாங்கும். சூடம், ஊதுபத்தி, குங்குமம் கெடாது. நாலு வாரம் முன்பே சொல்லலாம். வெல்லமும் பொட்டுக்கடலையும் இரண்டு வாரம் முன்பு, கடைசி வாரக் கிராக்கியில் மாட்டாமல். பொரி கடைசி. பொரி மில் வேன் எங்கள் லைனுக்கு வருவது செவ்வாயும் வெள்ளியும். ஆயுத பூஜை புதன்கிழமை. செவ்வாய்க் காலை பொரி இறங்கினால் மொறுமொறுவென்று மத்தியானத்துக்குள் பாக்கெட் போட்டு அனுப்பிவிடலாம். சாமியே எனக்காகக் கிழமை பார்த்துக் கொடுத்தது போல இருந்தது. சிவப்புப் பேனாவால் அந்தக் கட்டத்தைச் சுற்றி இரண்டு வட்டம் போட்டேன்.

தாளைக் கல்லாவுக்குப் பின்னால் ஒட்டினேன். அவர் பக்கத்தில் வந்தாலே, "வாயத் தொறக்காதீங்க, இது என் கணக்கு" என்பேன். பதினெட்டுப் பட்டறைகளில் நானே நேரில் போய் ஆர்டர் எடுத்தேன். போன வருஷம் போன இரண்டும் அதில் அடக்கம். "மூணு மணிக்குள்ள பொரி உங்க கையில இருக்கும், அதுக்கு நான் பொறுப்புங்க" என்று எல்லா இடத்திலும் வாக்குக் கொடுத்தேன். பொய்த்துப்போனால் நோட்டு அவரிடம் போகும், நான் திரும்பவும் எடை போடப் போவேன். வாரா வாரம் ஒவ்வொரு கட்டமாக அடித்துக்கொண்டு வந்தேன். எல்லாம் சொன்ன நாளில் வந்தன. எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது.

செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்கு வர வேண்டிய வேன் ஒன்பதுக்கும் வரவில்லை. நான் வாசலுக்கும் கல்லாவுக்கும் நடந்தே தேய்ந்தேன். ஒன்பதரைக்கு மில்லுக்குப் போன் போட்டேன்.

"வண்டி வாட்டர் சர்வீஸ்ல நிக்குதுங்கக்கா" என்றார் மில்காரர். "நாளைக்குப் பூஜையில்லீங்களா? இன்னிக்கு லோடு ஏத்த மாட்டோமுங்க. நேத்தே எல்லா லைனும் முடிச்சுட்டோம்."

"நான் வெள்ளிக்கிழமையே செவ்வாய்னு சொன்னேனுங்களே!"

"செவ்வாய்னு சொன்னவங்க அல்லாரும் அவங்களே வந்து எடுத்துக்குவாங்கக்கா. எப்பவும் அப்படித்தானுங்க. உங்க பன்னெண்டு மூட்டை ரெடியா இருக்குது, வாங்க."

போனை வைத்தேன். பட்டறைக்காரன் பூஜை போடுவான் என்று வாரம் எண்ணினேனே, பொரி கொண்டுவருகிறவனுக்கும் வண்டி இருக்கிறது, அவனும் கழுவிப் பொட்டு வைப்பான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பண்டிகை வாங்குகிறவர்களுக்கு மட்டும் என்று நினைத்துவிட்டேன். ஆட்டோ ஸ்டாண்டுக்கு ஓடினேன். அங்கே வரிசையாக எல்லா ஆட்டோவும் சோப்பு நுரையோடு நின்றன. "கழுவிட்டமுங்கக்கா, மூட்டை வேண்டாமுங்க" என்று ஒருவர் விடாமல் மரியாதையாகச் சொன்னார்கள்.

திரும்பி வந்தேன். விடிகாலையிலேயே சோப்புப் போட்டுக் கழுவி, முன்பக்கம் சந்தனம் தடவி நிறுத்தியிருந்த மொபெட்டை என் வீட்டுக்காரர் ஸ்டாண்டிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார். நான் போனில் பேசியதைக் கேட்டிருக்கிறார். பொரி மூட்டை பெருசுதான், கனம் கிடையாது. பின்னால் இரண்டு, முன்னால் கால் வைக்கும் இடத்தில் ஒன்று என்று நடைக்கு மூன்றாகக் கட்டிக்கொண்டு வரலாம். மில் காரமடைப் பக்கம். போக, வர, கட்ட என்று ஒரு நடைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நாலு நடை. பத்து மணிக்குக் கிளம்பினாலும் கடைசி மூட்டை மூன்றைத் தாண்டித்தான் வரும். இரண்டாவது நடையில் தூறல் வேறு. மூட்டை மேல் பிளாஸ்டிக் தாள் சுற்றிக்கொண்டு, அவர் முழுக்க நனைந்து வந்து நின்றார். சந்தனம் வழிந்து மட்கார்டில் ஓடியிருந்தது. இறக்கிவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போனார்.

நான் உட்காராமல் பாக்கெட் போட்டேன். பொரி அளந்து, கடலை போட்டு, வெல்லம் தனிக் கவரில் கட்டி, பாக்கெட் வாயை மெழுகுவத்தித் தீயில் ஒட்டி, பட்டறை பட்டறையாகப் பைகளில் பெயர் எழுதினேன். கிட்ட இருந்த பட்டறைகளிலிருந்து ஆட்கள் வந்து வாங்கிப்போனார்கள். போன் ஓயவில்லை. "இதோ வாரேனுங்க, இதோ வாரேனுங்க" என்று சொல்லிச் சொல்லி எனக்கே என் பேச்சில் நம்பிக்கை போய்விட்டது.

மூன்று மணிக்குள் பதினாலு பட்டறைக்குப் பொரி போய்விட்டது. மூன்று பேர் காத்திருக்க முடியாமல் போனிலேயே வேண்டாம் என்றார்கள். கடைசி ஒன்று, போன வருஷம் போய், இந்த வருஷம் நான் கெஞ்சிக் கூட்டி வந்த பட்டறை. நாலரைக்கு நாலு பைகளைத் தூக்கிக்கொண்டு நானே ஓடினேன். உள்ளே சூடம் காட்டி முடித்திருந்தார்கள். லேத் மேலே மாலை. பக்கத்து மேசையில் சூப்பர் மார்க்கெட் பைகள் வரிசையாக இருந்தன.

"வாங்க அம்மணி. திருநீறு எடுத்துக்கோங்க" என்றார் பட்டறைக்காரர். "நாலு மணி வரைக்கும் பார்த்தமுங்க. பசங்க பஸ்ஸப் புடிக்கணும்னாங்க. பரவால்லீங்க, இதையும் வெச்சுட்டுப் போங்க. ஊட்டுக்கு எடுத்துட்டுப் போகட்டும்."

திட்டியிருந்தால் திருப்பி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்திருப்பேன். அந்த மரியாதை என்னை நாக்கைப் பிடுங்கிக்கொள்ள வைத்தது. திருநீறு பூசிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் கடையில் பூஜை. தராசு, கால்குலேட்டர், ஆர்டர் நோட்டு, பேனா, அந்தக் காலண்டர் தாள் எல்லாவற்றையும் சாமி முன்னால் வைத்துப் பொட்டு வைத்தோம். வைத்துவிட்டால் விஜயதசமிக் காலை வரை தொடக்கூடாது, எழுதக்கூடாது. எனக்கு அது தண்டனை போல இருந்தது. அந்தச் செவ்வாய்க் கட்டத்தை அடித்துத் திருத்தாமல் கை அரித்தது. காலி கல்லாவில் உட்கார்ந்தேன், எழுந்தேன், கூட்டிய தரையையே திரும்பக் கூட்டினேன். நோட்டை எப்போது திருப்பிக் கேட்பார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நேற்றிலிருந்து அவருக்கு இருமல்.

பொறுக்க முடியாமல் நானே வாயைத் திறந்தேன். "வண்டி கழுவற நாள்ல வேன் வராதுன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியும்."

"எப்பிருந்து?"

"கட வெச்ச நாள்ல இருந்து. அதுக்குத்தான் முன்னாடியே எறக்கறது. பத்து நாள் ஜாஸ்தி, ஒத்துக்கறேன். திங்கக்கெழமை எறக்கீருக்கோணும்."

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. "அட, தெரிஞ்சிருந்துமா சொல்லாம இருந்தீங்க? நான் அவமானப்படட்டும்னா?"

அவர் இருமி முடித்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "சொல்றதுக்கு மூணு தடவ வந்தேன் அம்மணி. ஒவ்வொரு தடவையும் வாயத் தொறக்காதீங்கன்னு சொன்ன. தொறக்கல."

பதினாலு வருஷம் இவர் என் வாயை அடைத்தார் என்று பொருமிக்கொண்டிருந்தவள், பண்டிகைக் கணக்குக் கைக்கு வந்த இரண்டே மாதத்தில் அதையேதான் செய்திருக்கிறேன், இவரைவிடச் சத்தமாக. வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது, அதை மறைக்க உள்ளே போய்ச் சுக்குத் தண்ணீர் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தேன்.

விஜயதசமிக் காலை சாமி கும்பிட்டதும் முதல் வேலையாகத் தாளை எடுத்து மேசையில் விரித்தேன். "ஏனுங்க, இங்க வாங்க. தீபாவளிக்கு நான் எதை உட்டிருக்கேன், சொல்லுங்க" என்றேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். என்னை ஒரு தரம் சந்தேகமாகப் பார்த்துவிட்டு, மைதா, கடலை மாவு, எண்ணெய் எல்லாம் மொத்தமாக வந்து இறங்கும் வாரத்தின் மேல் விரலை வைத்தார். "இந்த வாரம் ஒருத்தனும் வாங்க மாட்டான். பட்டறைல போனஸ் போட்டாத்தான் பலகாரச் சாமான். பாதிய அடுத்த வாரத்துக்குத் தள்ளு."

அதெல்லாம் இல்லை, கடைசி வாரத்தில் விலை ஏறிவிடும், உங்களுக்கு என்ன தெரியும் என்று வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கினேன். பேனாவை எடுத்து அந்தக் கட்டத்தை அடித்தேன்.

"அப்புறம்?" என்றேன்.