நீலக் குழாய்த் தண்ணீர்

என் கணவருக்குச் சிறுநீரகத்தில் கல். பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் பார்க்கும் டாக்டர் சொன்னது ஒன்றுதான்: நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், இல்லையென்றால் அறுவை சிகிச்சை. இவரோ குடிக்க மாட்டேன் என்கிறார்.

“வாயில வைக்க முடியலம்மா, நாறுது.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இந்த மனிதருக்குத் தண்ணீர் எப்போதுமே வேப்பங்காய். போத்தலைக் கவிழ்த்து மாட்டும் எங்கள் வீட்டுத் தண்ணீர் டிஸ்பென்சரில் நான் சிவப்புக் குழாயைத் திறந்து வெந்நீர்தான் குடிப்பேன். ஒரு நாற்றமும் இல்லை.

“உங்க மூக்குலதான் கோளாறு” என்றேன். அவர் குளிர்நீர் வரும் நீலக் குழாயில் ஒரு டம்ளர் பிடித்து நீட்டினார். ஒரு வாய்தான். பழைய பூச்சாடித் தண்ணீர் மாதிரி இருந்தது. சிங்க்கில் துப்பினேன்.

தண்ணீர்ப் போத்தல் போடுகிறவரைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன்.

“அக்கா, பூச்சோங் முழுக்க இதே தண்ணிதான் போடுறேன். யாரும் கம்ப்ளேன் பண்ணல லா” என்றவர், புதுப் போத்தலைத் திறந்து டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். நல்ல தண்ணீர். அதையே மாட்டினோம். மறுநாள் நீலக் குழாய் மறுபடி நாறியது, சிவப்பு நாறவில்லை. ஒரே போத்தல், ஒரே மிஷின். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. யார் கண்ணாவது பட்டதா என்றுகூட யோசித்தேன்.

வெள்ளிக்கிழமைதோறும் அதைத் துடைக்கிறேன். ஆயுத பூஜைக்குச் சந்தனப் பொட்டுகூட வைத்தேன். எல்லாம் வெளியேதான் என்பது அப்போதுதான் உறைத்தது.

பிளக்கைப் பிடுங்கி, போத்தலைத் தூக்கிவிட்டு, அது உட்காரும் தொட்டிக்குள் விரலை விட்டேன். வழவழவென்று வழுக்கியது. உள்ளே இருந்த தட்டை எடுத்தால், அடியில் நூலால் கட்டிய வெட்டிவேர். கறுத்து, சளி பிடித்துக் கிடந்தது. வெந்நீர் கொதித்து வருவதால் எனக்கு நாற்றம் தெரியவில்லை போலும்.

இவர் எட்டிப் பார்த்தார். முகம் சுண்டிப்போயிற்று.

“பானையில போடுவாங்கல்ல? வாசனையா இருந்தா நானும் குடிச்சிருவேன்னு நெனச்சேன். டாக்டர் சொன்ன வாரமே போட்டது. மறந்தே போச்சு.”

திட்ட வாயெடுத்தேன். மனசு வரவில்லை. எனக்குத் தெரியாமல் இந்த மனிதர் முயற்சி செய்திருக்கிறார். அழுவதா சிரிப்பதா என்றும் தெரியவில்லை.

வெந்நீர் ஆறியதும், பின்பக்க மூடியைக் கழற்றி எல்லாத் தண்ணீரையும் வடித்தோம். தொட்டி, தட்டு, குழாய் வாய் எல்லாவற்றையும் சோப்பு போட்டு மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்தேன். வாசனை சேர்க்காத பிளீச்சைத் தண்ணீரில் கொஞ்சமாய்க் கலந்து ஊற்றி, சற்று நேரம் விட்டு, குழாய்கள் வழியே வெளியேற்றினோம். பிளீச் வாடை அறவே போகும்வரை அலசினோம். புதுப் போத்தலின் கழுத்தைத் துடைத்து மாட்டினேன்.

நீலக் குழாயில் பிடித்த முதல் டம்ளரை அவர் முகர்ந்து பார்த்துவிட்டு மடமடவென்று குடித்தார்.

“ஒரு வாசனையும் இல்ல” என்று சொல்லி, காலி டம்ளரை மறுபடி குழாய்க்கு அடியில் வைத்தார்.