கடலடிக்கு வேலைக்குப் போவதாக எழுதிய கடிதம்

அந்த வாரம் எனக்கு இரண்டு வேலைகள் கிடைத்தன. திருச்சியில் நிலவியல் முதுகலை முடிக்கும் தறுவாயில் இருந்தேன். ஒரு வேலை சென்னையில், செயற்கைக்கோள் படங்களின் மேல் வயல், சாலை, வீடு என்று எல்லைக்கோடு வரையும் அலுவலகத்தில். இன்னொன்று அரியலூர்ப் பக்கம், சிமெண்ட் ஆலைக்குச் சொந்தமான சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் பயிற்சி நிலவியலாளர்.

குரும்பலூரில் சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் போட்டு என்னைப் படிக்க வைத்த அப்பாவும் அம்மாவும் சென்னையை முடிவே செய்துவிட்டார்கள். போனில் நான் பேச்சை ஆரம்பித்தாலே அப்பா முந்திக்கொள்வார்.

"படிச்சிட்டு குழியில போயி நிக்கவா போற? ஏசியில ஒக்காந்து பாக்குற வேலய வுட்டுட்டு? சொந்தக்காரங்ககிட்ட எல்லாம் சொல்லியாச்சும்மா."

நான் "சரிங்கப்பா, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிடுவேன். அவர் குரலுக்கு எதிரே எனக்கு வாக்கியங்கள் வராது. அதனால்தான் எழுதினேன்.

ஒரு மதியம். விடுதியில் எல்லோரும் ஊருக்குப் போயிருந்தார்கள். மின்விசிறி மெதுவாகச் சுற்றியது. இரண்டு வேலைக் கடிதங்களையும் அச்செடுத்துக் கட்டிலில் பரப்பி வைத்திருந்தேன். ஆனால் கண் முன்னால் நின்றது சுரங்கம்தான். நேர்முகத் தேர்வு நாளில் அங்கிருந்த அதிகாரி எங்களைக் குழியின் விளிம்புக்கு அழைத்துப் போயிருந்தார். கீழே படிப்படியாக வெட்டிய வெள்ளை மண், அடியில் தேங்கிய பச்சைத் தண்ணீர். லாரிகள் எறும்புகளாக ஊர்ந்தன. சத்தம் மேலே வந்து சேரவேயில்லை. காலடியில் கல்லுக்குள் சிப்பிகள் அடுக்கடுக்காகக் கிடந்தன. இது கடலாக இருந்த இடம் என்று படித்திருக்கிறேன். அன்றுதான் அதற்குள் நிற்பதுபோல் இருந்தது. தலைக்கு மேலே எங்கோ தண்ணீரின் மேல்பரப்பு ஆடிக்கொண்டிருப்பதாக நினைத்து நிமிர்ந்து பார்த்தேன். வெறும் வெயில்.

நான்கு பக்கம் எழுதினேன். அதில் சில பகுதிகள் இன்னும் நினைவில் இருக்கின்றன.

"அப்பா, சென்னைக்காரர்கள் எழுதியிருக்கும் ஆண்டுச் சம்பளம் பெரிதாகத்தான் தெரிகிறது. ஆனால் கம்பெனி தன் பங்குக்குக் கட்டும் பி.எஃப்., கிராஜுவிட்டி, இன்சூரன்ஸ் எல்லாம் அதற்குள்ளேயே சேர்த்தி. ஒரு பகுதி, வேலையைப் பார்த்து ஆண்டுக்கடைசியில் தருவது. தந்தாலும் தருவார்கள், குறைத்தாலும் குறைப்பார்கள். இதையெல்லாம் கழித்து, விடுதி வாடகையையும் சாப்பாட்டையும் கழித்தால் சுரங்கத்தில் கையில் வருவதைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். இரண்டு வருடத்துக்கு பாண்ட் எழுதித் தர வேண்டும். நடுவில் விலகினால் பணம் கட்ட வேண்டும். என் அசல் சான்றிதழ்களை அதுவரை அவர்களே வைத்திருப்பார்களாம். மின்னஞ்சலில் கேட்டேன், நகல் போதாதா என்று. எல்லோருக்கும் இதுதான் விதி என்றார்கள்.

"சுரங்கத்தில் ஒரு வருடம் பயிற்சி. பிறகுதான் நிரந்தரம், அது உறுதியென்று சொல்ல முடியாது, அதையும் மறைக்கவில்லை. வெடி வைப்பதற்காகத் துளை போடும்போது ஒவ்வொரு துளையின் வாயிலும் தூள் குவியும். அதை எடுத்துப் பையில் போட்டு, எந்தத் துளை, எவ்வளவு ஆழம் என்று எழுதி லேபுக்கு அனுப்புவது என் வேலை. அங்கே சுண்ணாம்பு எவ்வளவு, மணல் எவ்வளவு என்று சொல்வார்கள். நல்ல கல் இருக்கும் படியிலிருந்து எத்தனை லாரி, மட்டமான கல்லிலிருந்து எத்தனை லாரி கலந்தால் ஆலைக்குப் போவது ஒரே தரமாக இருக்கும் என்று கணக்குப் போட வேண்டும். தூசி இருக்கும், வெயில் இருக்கும். சேருமுன் மார்பு எக்ஸ்ரே, காது சோதனை எல்லாம் உண்டு. பாதுகாப்புப் பயிற்சி முடிக்காமல் குழிக்குள் இறங்க விடமாட்டார்கள். எனக்குப் பகல் வேலைதான். அவர்களாகச் சம்மதம் எழுதிக் கொடுக்காமல் பெண்களை ராத்திரியில் போடக்கூடாது என்று சட்டம்.

"இவ்வளவு சொன்னாலும் காரணம் இதில்லை. சென்னையில் ஒருநாள் உட்காரவைத்துப் பார்த்தார்கள். பார்த்தே இராத ஊரின் வயல்களைச் சாயங்காலம் வரை வரைந்தேன். மண் எப்படியிருக்கும் என்று யாரும் கேட்கவில்லை. எனக்கு, ஒரு காலத்தில் கடலடியாக இருந்த அந்தக் கல்லைத் தொட வேண்டும். பக்கத்திலேயே இருந்து உங்களைப் பார்த்துக்கொள்வதற்காக இதை எடுக்கிறேன் என்று மட்டும் நினைக்காதீர்கள். உங்களுக்காக இல்லை. எனக்காக."

கடைசி வரிகளை அடிக்கலாமா என்று ரொம்ப நேரம் யோசித்தேன். அடிக்கவில்லை. சனிக்கிழமை விரைவுத் தபாலில் சேர்த்தேன். சென்னைக்குப் பதில் சொல்லக் கேட்டு வாங்கிய கூடுதல் அவகாசம் புதன் மாலையோடு முடிந்தது.

திங்களன்று போன் வரவில்லை. செவ்வாய்க்கிழமை காலை விடுதி வாசலில் இருவருமே நின்றார்கள். அம்மா பட்டுக்கரை போட்ட நூல்சேலை கட்டியிருந்தாள். அப்பா சட்டைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்தார். பென்சிலால் அங்கங்கே கோடு போட்டிருந்தார்.

வேப்பமரத்தடி சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"சர்டிபிகேட்ட வாங்கி வச்சிக்குவாங்கன்னு போட்டிருக்கியே, நெசமா?"

"ஆமாங்கப்பா." வேலைக் கடிதத்தில் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். ஆங்கிலத்தில் விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் பார்த்தார்.

"ஒரு வருசம் கழிச்சு சுரங்கத்துல வேணாம்னுட்டா?"

"அப்ப வேற தேடணும்ப்பா. சர்டிபிகேட் என் கையில இருக்கும்ல."

அவர் மடியில் கடிதத்தை வைத்துத் தடவினார். பிறகு, என்னைப் பார்க்காமல், "அதெல்லாம் கெடக்கட்டும். எங்களுக்காக இல்லன்னு எழுதியிருக்கியே. அத எதுக்கும்மா எழுதுன?" என்றார்.

அம்மாதான் பதில் சொன்னாள்.

"எனக்கு அந்த வரிதாங்க புடிச்சிருந்திச்சு. நாளைக்கு அந்த வேலை புடிக்கலன்னா ஒங்களாலதான்னு சொல்ல மாட்டா பாருங்க. நம்ம தலையில எதயும் கட்டல."

அப்பா அவளைத் திரும்பிப் பார்த்தார். அம்மா அவரைத் திருத்தி நான் கேட்டது அதுவே முதல் தடவை. மரத்தில் காக்கை ஒன்று இடம் மாறி உட்கார்ந்தது. பழுத்த இலைகள் இரண்டு மூன்று மெதுவாகச் சுழன்று இறங்கின. யாருக்கும் அவசரம் இல்லாத ஒரு நேரம் அது; அதற்குள்ளேயே எவ்வளவு காலம் உட்கார்ந்திருந்தோம் என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

"அந்தக் குழிய நான் பாக்கணும்" என்றார் கடைசியில்.

"வெளி ஆளுங்கள வுட மாட்டாங்கப்பா."

"ரோட்டுலேர்ந்து தெரியும்ல?"

"வெட்டிக் கொட்டுன மண்மேடுதான் தெரியும்."

"மேடு தெரிஞ்சா போதும்."

மதியம் மூவருமாக உணவகத்தில் சாப்பிட்டோம். மேசையிலிருந்தே இரண்டு மின்னஞ்சல்களை அனுப்பினேன். சென்னைக்கு நன்றியும் மறுப்பும். சுரங்கத்துக்கு, குறிப்பிட்ட நாளில் வந்து சேருகிறேன் என்ற சம்மதம். இரண்டையும் அப்பாவுக்குத் தமிழில் சொல்லிக் காட்டிய பிறகே அனுப்பினேன். "மரியாதயா எழுதியிருக்கல்ல?" என்று சென்னை மடலைப் பற்றி மட்டும் இரண்டு தடவை கேட்டார்.

பயிற்சி வருடம் நினைத்ததைவிடக் கடினமாக இருந்தது. முதல் கோடையில் இரண்டு முறை மயங்கினேன். ஒருமுறை பைகளில் துளை எண்ணை மாற்றி எழுதி, கலவை கெட்டு, அரைநாள் எல்லோரும் என்னைத் திட்டினார்கள். அன்று சென்னையை நினைத்தேன், பொய் சொல்ல மாட்டேன். வருடம் முடிந்ததும் நிரந்தரக் கடிதம் வந்தது.

அப்பா சொந்தக்காரர்களிடம் என் வேலையை இப்போது எப்படிச் சொல்கிறார் என்று அம்மா ஒருநாள் போனில் சொன்னாள்.

"ஒங்கப்பா என்ன சொல்றாரு தெரியுமா? எம்பொண்ணு கடலுக்கு அடியில வேல பாக்குறாங்கறாரு. கேக்குறவங்க முழிக்கிறாங்க. அவரு வெளக்குறதே இல்ல."