சிந்தாமணியின் பாதி வருடம்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துச் சிந்தாமணி அக்காவுக்குப் பக்கத்து வீட்டு அன்னக்கிளி மேல் தீராத பொறாமை. இருவரும் ஒன்றாகக் கொழுந்தெடுக்க வந்தவர்கள். மாதாமாதம் அவளுடைய சம்பளச் சீட்டோடு தன்னுடையதை ஒப்பிட்டுவிட்டுத்தான் பெட்டியில் பூட்டுவார். அவளோடு ஒரே மலையில் நிற்கப் பிடிக்காமல் போன வருடம் ஜூனில் கீழ்ப் பிரிவுக்கு மாறிப் போனார்.

ஓய்வுக் காலத்துக்காக மாதாமாதம் பணம் சேரும் சேமலாப நிதியின் ஆண்டுக் கணக்கறிக்கை வந்ததும், அன்னக்கிளியுடையதையும் நைசாக வாங்கி வந்து என்னிடம் நீட்டினார்.

“பாரு பாப்பா, அவளுக்கு எவ்வளவு ஏறியிருக்கு! கங்காணிய கையில போட்டுக்கிட்டா.”

நான் மாத வரிசையைப் பார்த்தேன். அன்னக்கிளிக்கு எல்லா மாதமும் பணம் சேர்ந்திருந்தது. அக்காவுக்கு ஜூனிலிருந்து ஒன்றுமே இல்லை.

“அன்னக்கிளியக்கா மேல தப்பில்லக்கா. ஒங்க சம்பளத்துல வெட்டுன நூத்துக்கு எட்டு வீதமும் சேரல, தோட்டம் போட வேண்டிய பன்னண்டு வீதமும் சேரல.”

விசாரித்தால் கீழ்ப் பிரிவு முழுவதற்கும் அதே கதை. ஆனால் சீட்டுகளை வேறு யாரும் வைத்திருக்கவில்லை.

அக்காவைப் பதுளைத் தொழில் அலுவலகத்துக்குக் கூட்டிப் போனேன். அதிகாரி, “சம்பளச் சீட்டு இருக்கா?” என்றார். அக்கா பெட்டியையே மேசையில் வைத்தார். ஒவ்வொரு சீட்டிலும் வெட்டிய தொகை இருந்தது. அதிகாரி முறைப்பாட்டைப் பதிந்து, தோட்டத்தை விசாரணைக்கு அழைப்பதாகச் சொன்னார்.

“பணம் சேந்துரும்ல?” என்று திரும்பும்போது பஸ்ஸில் அக்கா கேட்டார்.

“விசாரணை முடியட்டும்க்கா.”

“அன்னக்கிளிய விட ஒரு ரூவா கொறைஞ்சாலும் மறுபடி வந்து நிப்பேன்.”