கோடு போட்ட கடிதம்

இன்று காலை மாடி வீட்டுப் பெண் கைபேசியோடு வந்து கதவைத் தட்டினாள். ஐரோலியில் இந்தக் குடியிருப்புக்கு நான் வந்ததிலிருந்து பழக்கம். அவள் மகன் ஒன்றாம் வகுப்பை முடித்திருக்கிறான். பள்ளியிலிருந்து வருட முடிவுச் செய்தி வந்திருக்கிறது. மேலே பூக்கள், நடுவில் பெற்றோருக்கு நன்றி, கீழே விடுமுறையில் வாசிக்கப் பன்னிரண்டு புத்தகங்கள். பெயரைத் தொட்டால் இணையக் கடை திறக்கிறது. "இதுல எதை வாங்கலாம் ஆண்ட்டி? நீங்க டீச்சரா இருந்தவங்க" என்றாள். இரண்டைச் சொல்லி அனுப்பினேன்.

அவள் போன பிறகும் சூடான ஜெராக்ஸ் காகிதத்தின் வாசனை மூக்கிலேயே நின்றது. கைபேசிக்கு ஏது வாசனை என்று கேட்பீர்கள். எனக்கு வந்தது, என்ன செய்ய?

பல வருடங்களுக்கு முன்னால் சயான் ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு ஜெராக்ஸ் கடை இருந்தது. தாராவியில் ஒரு சின்னத் தமிழ்வழிப் பள்ளியில் எனக்கு முதல் வேலை, ஒன்றாம் வகுப்பு. ஏப்ரல் மாதம். முப்பத்திரண்டு வீடுகளுக்கும் நானே ஒரு கடிதம் எழுதி, அந்தக் கடையில் பிரதி எடுத்து, சூடு ஆறாத காகிதக் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தேன். பெரிய காரியம் செய்கிற நினைப்பு. நான் மாட்டுங்காவில் ஆங்கிலப் பள்ளியில் படித்தவள். வருட முடிவில் எங்கள் டீச்சர்கள் அப்படித்தான் வீட்டுக்கு எழுதுவார்கள். கீழே புள்ளிக்கோடு இருக்கும். பெற்றோர் கையெழுத்துப் போட்டு, அந்தத் துண்டைக் கிழித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். நானும் ஒரு கோடு போட்டேன். கோடு இல்லாவிட்டால் அது கடிதமாகவே எனக்குத் தோன்றவில்லை.

கடிதத்தில் விஷயம் நன்றாகத்தான் இருந்தது, இப்போதும் சொல்வேன். குழாயில் தண்ணீர் வராத நாளிலும் பிள்ளையைக் குளிப்பாட்டி, தலை வாரி நேரத்துக்கு அனுப்பினதற்கு நன்றி. வகுப்புக்குப் பழைய காலண்டர் படங்களைக் கொடுத்துவிட்டதற்கு நன்றி. விடுமுறையில் தினம் பதினைந்து நிமிடம் போதும். பிடித்த கதையையே பத்து முறை கேட்டால் பத்து முறையும் வாசியுங்கள். தப்பாக வாசித்தால் உடனே திருத்தாமல் கொஞ்சம் பொறுங்கள். படம் பார்த்துக் கதை சொல்வதும் வாசிப்புதான். வகுப்புப் பெட்டியிலிருந்து ஆளுக்கு இரண்டு புத்தகம் வரும், பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு மாற்றிக்கொள்ளலாம். ஊருக்குப் போகிறவர்கள் ரயில் ஜன்னலில் ஸ்டேஷன் பெயர்களைப் படிக்க வையுங்கள். ஆனால் ஆரம்பமே 'தங்களது நல்லாதரவுக்கு உளமார்ந்த நன்றியை உரித்தாக்குகிறோம்'. கல்யாணப் பத்திரிகைக்கு எழுதியதுபோல. வெட்கமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை கொடுத்தேன். திங்கட்கிழமை நான்கே துண்டுகள் திரும்பி வந்தன, நான்கும் அந்த வருடம் தாராவிக்கே புதிதாக வந்து சேர்ந்த குடும்பங்களிடமிருந்து. மற்ற பிள்ளைகளைக் கேட்டால் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஜெபா பள்ளிக்கே வரவில்லை. செவ்வாயும் இல்லை. வகுப்பில் எனக்கு முன்னாலேயே கதையின் முடிவைச் சொல்லிவிடுகிற பெண் அவள். புதன்கிழமை மத்தியானம் அவள் வீட்டுக்குப் போனேன்.

வாசலில் தோல் பை தைக்கும் பட்டறை, மேலே ஏணி வைத்த ஒற்றை அறை. ஜெபாவின் அம்மா கலா என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள், உட்காரச் சொல்லவில்லை.

"பிள்ளய பெயிலாக்கிட்டு, சஹி வேற போடச் சொல்லுதியளே டீச்சர்?"

சஹி என்றால் இங்கே கையெழுத்து. யார் பெயில் என்றேன். பைபிளுக்குள் மடித்து வைத்திருந்த என் கடிதத்தை எடுத்து நீட்டினாள். விரல் புள்ளிக்கோட்டின் மேல் இருந்தது. அப்போதுதான் தெரிந்தது. அந்தப் பள்ளியில் ஏப்ரலில் கோடு போட்ட காகிதம் வீட்டுக்கு வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: பிள்ளை இன்னொரு வருடம் அதே வகுப்பில் இருக்கச் சம்மதம் என்று பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டும். எனக்கு முன்னால் இருந்தவர்கள் வருடா வருடம் அப்படித்தான் வாங்கியிருக்கிறார்கள். அந்தச் சந்து முழுக்கத் தெரிந்த சங்கதி எனக்கு மட்டும் தெரியவில்லை.

"மேல என்ன எழுதியிருக்குன்னு வாசிக்கலையா?"

"நான் இங்கனயே பொறந்து ஹிந்தி ஸ்கூல்ல படிச்சவ. தமிழ் பேசத்தான் வரும். இவ அப்பா கோட்டப் பாத்ததும் மேல வாசிக்கவே இல்ல. வாற சனிக்கிழமைக்கு ஊருக்கு டிக்கெட் போட்டாச்சு. இவள பெரியப்பா வீட்டுல விட்டுட்டு வந்துருவோம், அங்க படிக்கட்டும்னுட்டாவ." ஆறு வயதுப் பெண்ணை அவர்கள் ஊரான நாசரேத்துப் பக்கம் விட்டுவிட்டு இவள் எப்படி இங்கே இருப்பாள்? என் ஒரு கோட்டினால் இவ்வளவா?

நான் வாசித்துச் சொல்லலாம்தான். ஆனால் நான் சொன்னால் அவள் நம்புவாளா? காகிதத்தை ஜெபாவிடம் கொடுத்தேன். முதல் வரியில் 'நல்லா' வரை வந்து நின்றுவிட்டாள். எவ்வளவு பெரிய டீச்சர் நான்! விரலைக் கீழே ஒரு வரிக்கு நகர்த்தி வைத்தேன்.

"ப...டம்... பா...ர்...த்து... படம் பார்த்து... க...தை..."

கலா மகளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மனப்பாடமா சொல்லுதாளா?" என்றாள். நான் வேறு வரியைக் காட்டினேன். "ர...யில்... ரயில்" என்றாள் ஜெபா, நாங்கள் சொல்லாமலே அடுத்த சொல்லுக்கும் போனாள். கலா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகுதான் எனக்கும் ஒரு தம்ளர் தண்ணீர் கிடைத்தது.

அன்று சாயங்காலமே கடிதத்தைத் திருப்பி எழுதினேன். 'அம்மா, அப்பா, நன்றி. நான் பாஸ். நான் படிப்பேன். நீங்க கேளுங்க. தப்பா படிச்சா கொஞ்சம் பொறுங்க. படம் பாத்தும் கதை சொல்வேன். ரயில்ல பேர் படிப்பேன்.' அவ்வளவுதான். எங்கள் பெரிய டீச்சர் படித்துவிட்டு, "கோடு எங்கம்மா?" என்றார். எடுத்துவிட்டேன் என்றேன். "இத புள்ளைங்களே வாசிச்சிடுமே" என்றார். அதற்குத்தான் என்றேன். வெள்ளிக்கிழமை ரிசல்ட் அன்று வகுப்பில் அவரவர் வீட்டாருக்கு அவரவர் பிள்ளை வாசித்துக் காட்டியது. முப்பத்திரண்டும் ஒரே நேரத்தில், சந்தை இரைச்சல். ஜெபாவின் அப்பா கடைசிப் பெஞ்சில் இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். ஆனால் பிள்ளையை ஊரில் விடுவதா இல்லையா என்று சொல்லாமலே போய்விட்டார்.

அதனால் அந்த மே மாதம் எனக்கு மே மாதமாகவே இல்லை. ஜூனில் முதல் நாள், இரண்டாம் வகுப்பு வரிசையில் தலைகளை எண்ணினேன். பின்னாலிருந்து யாரோ புடவையை இழுத்தார்கள். ஜெபா. அப்படியே தூக்கிக்கொண்டேன், கனமாகியிருந்தாள். அப்பாடா என்று வாய்விட்டே சொன்னேன்.

கையில் நோட்டிலிருந்து கிழித்த தாள். காட்பாடி, சேலம். பிறகு ஒரு பெரிய வெற்றிடம். அப்புறம் மதுரை, கோவில்பட்டி.

"நடுவுல ஏன் ஒண்ணும் இல்ல?"

"அங்கன தூங்கிட்டேன் டீச்சர். காட்பாடி வர எங்கயும் தமிழே இல்ல, அதுக்காவ முழிச்சே இருந்தேன்."

அதையும் நான் யோசித்திருக்கவில்லை. அந்தப் பிள்ளை மூன்று மாநிலம் தாண்டி ஒரு தமிழ்ப் பலகைக்காகக் காத்திருக்கிறது. சேலம் மட்டும் வேறு கையெழுத்து, கோணல் மாணலாக. "அது எங்கம்ம எழுதினது. நான் சொல்லிக் கொடுத்தேன்" என்றாள்.

அந்தத் தாள் பல வருடம் என்னிடம் இருந்தது. சான்பாடாவிலிருந்து இங்கே வீடு மாறியதில் தொலைந்துபோனது. ஜெராக்ஸ் கடையில் இப்போது கைபேசி உறை விற்கிறார்கள். அந்தப் பள்ளியில் தமிழ்ப் பிரிவு கிடையாது, பிள்ளைகள் வராமல் மூடிவிட்டார்கள். வீட்டுக்குப் போகிற கடிதத்தைப் பிள்ளையே சத்தம் போட்டு வாசிக்கிற அந்த இரைச்சலும் அதோடு போயிற்று. இப்போது செய்தி நேராக அம்மாவின் கைபேசிக்குப் போய்விடுகிறது. மாடி வீட்டுப் பையன் அதைப் பார்த்தானா என்று காலையில் கேட்கத் தோன்றவில்லை. சாயங்காலம் ஏறிப் போய், கைபேசியை அவன் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.