ஆறு நாள் கணக்கு

என்னைப் பார்த்து எனக்கே குமட்டிய நாட்களைப் பற்றி எழுதுகிறேன். அழகாக எழுதி ஆறுதல் தேடும் எண்ணம் இல்லை. அப்படி எழுதினால் அதுவும் அருவருப்பாகத்தான் இருக்கும்.

விருத்தாசலத்தில் மேல்நிலை வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறேன். என் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வீட்டில் யாராவது ஒருவர் பீங்கான் கம்பெனியில் வேலை பார்ப்பார். அதனால் கதிரியக்கம் நடத்தும்போது, அரை ஆயுட்காலத்துக்கு வருஷா வருஷம் ஒரே உதாரணத்தைத்தான் சொல்வேன். கதிர்வீச்சுள்ள அயோடின் பதினாறு கிராம் இருக்கிறது, அதன் அரை ஆயுள் எட்டு நாள். எட்டாம் நாள் எட்டு கிராம், பதினாறாம் நாள் நாலு, இருபத்து நாலாம் நாள் ரெண்டு. எந்த அணு எப்போது சிதையும் என்று யாராலும் சொல்ல முடியாது, ஆனால் கூட்டத்தில் பாதி எட்டு நாளில் போயே தீரும். பிறகு குரலை உயர்த்தி, "சூளையில போட்டு ஆயிரத்து இருநூறு டிகிரியில வேக வெச்சாலும் எட்டு நாளு எட்டு நாளுதான். அசையாது!" என்பேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில் எனக்கு இருந்த பெருமை இருக்கிறதே, கருமம், இப்போது நினைத்தால் கூசுகிறது.

என் மாமனாரும் சூளையில் சரக்கு அடுக்கி ஓய்வு பெற்றவர்தான். இதயம் பலவீனம், துடிப்பும் தாறுமாறு. அதற்காக டைகாக்ஸின் என்ற மாத்திரை சாப்பிட்டு வந்தார். திங்கள் முதல் வெள்ளி வரை தினம் ஒன்று, சனி ஞாயிறு லீவு. மாமியாருக்கு எழுத்துக் கூட்டவும் தெரியாது என்பதால் மாத்திரை கொடுப்பது என் வேலை. வருகிறவர்களிடம் எல்லாம் மாமனார், "எம் மருமவ டீச்சரு. அவ கையால குடுத்தா தப்பே வராது" என்பார்.

ஒரு மாதம் அவருக்குச் சோறே பிடிக்காமல் போனது. தட்டைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் கூட்டிப் போனோம். அவர் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மாத்திர ஒடம்புல அதிகமா சேந்துட்டாப்ல தெரியுது. இன்னிக்கே நிறுத்துங்க. ரத்தம் எடுத்துக் குடுத்துட்டுப் போங்க. ரிசல்ட்ட பாத்துட்டு நான் சொன்னாத்தான் திரும்பக் குடுக்கணும்."

நான் சொன்னால்தான். எவ்வளவு தெளிவான தமிழ்!

ரத்தம் வெளியூர் லேபுக்குப் போனது. நடுவில் விடுமுறை வந்து, ஆறு நாளாகியும் ரிசல்ட் வரவில்லை. ஆறாம் நாள் குழாயடி வரை நடந்துவிட்டு வந்த மாமனார் மேல்மூச்சு வாங்கினார். என் கணவர் பதறிப்போனார்.

"டாக்டரு ஊர்ல இல்லியாம். மாத்திர இல்லாமத்தான் இப்படி இழுக்குதோ? நீ பாத்து சொல்லேன்."

நான் பார்த்தேன். போனை எடுத்து மருந்தின் பெயரைப் போட்டேன். அரை ஆயுள் முப்பத்தாறு மணி நேரம் என்று வந்தது. போதாதா எனக்கு? ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். ஒன்றரை நாளில் பாதி, மூன்றாம் நாள் கால், நாலரை நாளில் அரைக்கால், ஆறாம் நாள் வீசம். "பதினாறுல ஒரு பங்குதான் உள்ள மிச்சம் இருக்கும். தாராளமா குடுக்கலாம்" என்றேன்.

"டாக்டரே உன்கிட்டத் தோத்துருவாரு போ" என்றார் கணவர்.

அது எனக்குப் பிடித்திருந்தது. இதை ஒளிக்காமல் சொல்லியாக வேண்டும். வேறு ஆஸ்பத்திரியில் காட்டலாம், அந்த டாக்டருக்கே போன் போடலாம் என்று தோன்றத்தான் செய்தது. ஆனால் கணக்கு அவ்வளவு சுத்தமாக வந்திருந்தது. போனில் அந்த வரிக்குக் கீழே இன்னும் ஏதோ எழுதியிருந்தது. நான் விரலால் தள்ளிப் பார்க்கவே இல்லை.

மூன்று நாள் கொடுத்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம் அவர் வாந்தி எடுக்க ஆரம்பித்தார். வெறும் பித்தம். அள்ள அள்ள வந்தது. நடுவில் தலையைத் தூக்கி, "ஏம்மா, டியூப் லைட்டு ஏன் மஞ்சளா எரியுது?" என்றார். லைட்டு வெள்ளையாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. ஆட்டோ பிடித்து ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். நாடி நிமிஷத்துக்கு நாற்பதுகூட இல்லை. என் புடவை முழுக்க அவருடைய வாந்தி. அந்த நாற்றத்தைவிட என் மேல்தான் எனக்கு அதிகம் குமட்டியது.

அங்கே இருந்த டாக்டரம்மாவுக்கு என் வயதில் பாதிதான் இருக்கும். யார் மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்தது என்று கேட்டார். பிசிக்ஸ் டீச்சர் என்று சொல்லிக்கொண்டு, அயோடின் உதாரணத்தோடு நான் கணக்கைச் சொன்னேன். அந்த நேரத்திலும் கணக்கைச் சொன்னேன்! சீ, என்ன ஜென்மமோ.

அவர் கோபப்படவில்லை.

"டீச்சர், உங்க அயோடினுக்குக் கிட்னி கெடையாது. இவருக்கு இருக்குது. அது சரியா வேல செய்யல. மருந்துல அரை ஆயுள்னா, ஒடம்புல இருக்குற மருந்து பாதியா கொறைய ஆகுற நேரம். இந்த மருந்த வெளிய தள்ளுறது பெரும்பாலும் கிட்னிதான். கிட்னி நல்லா இருந்தா ஒன்றரை நாளு. இவர மாதிரி ஆளுங்களுக்கு அஞ்சு நாளுகூட ஆவும். அப்படின்னா ஆறு நாள் கழிச்சும் கிட்டத்தட்டப் பாதி உள்ளயே நின்னிருக்கும். அது மேல மூணு மாத்திர போட்டிருக்கீங்க. வாந்தியும், லைட்டு மஞ்சளாத் தெரிஞ்சதும் அதனாலதான்."

அசையாது, அசையாது என்று எத்தனை வருஷம் கத்தியிருக்கிறேன். அணுவுக்கு அது சரி. அதைச் சூடோ குளிரோ ஒன்றும் செய்யாது. மருந்தின் அரை ஆயுள் அதைச் சாப்பிட்ட ஆளைப் பொறுத்தது. வயசு, சிறுநீரகம் எல்லாம் சேர்ந்து அதை நீட்டும், குறைக்கும். கூட்டல் கழித்தலில் தப்பில்லை, ஆளைப் பார்க்காததுதான் தப்பு. அவர் பிழைப்பாரா என்று கேட்டேன். "ரெண்டு மூணு நாளு போகணும்" என்றார். மருந்து தானாக வடியும்வரை இதயத் துடிப்பு காட்டும் மிஷினைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நின்று போய்விடுமோ என்று ஒவ்வொரு துடிப்புக்கும் பயந்தேன்.

பிழைத்துவிட்டார். ஒரு வாரத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த மாத்திரையே இனி வேண்டாம் என்று வேறு மாற்றிக் கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இன்னும் கேவலம். பார்க்க வந்த சொந்தக்காரர்களிடம் என் கணவர், "இவதான் கரெக்டா கவனிச்சு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனா" என்று சொல்லிவிட்டார். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து வந்த சின்ன மாமியார் என் கன்னத்தைத் தடவி நெட்டி முறித்தார். நான் பல்லைக் காட்டிக்கொண்டு காபி கொடுத்தேன். த்தூ. நாலு நாள் அப்படியே விட்டேன்.

ஐந்தாம் நாள் காலை புது மாத்திரையும் தண்ணீருமாகப் போனேன். மாமனார் கையை நீட்டி, "நீ மட்டும் இல்லன்னா நா போய்ச் சேந்துருப்பேம்மா" என்றார்.

என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "மாமா, டாக்டர் குடுக்க வேணாம்னு சொன்ன மாத்திரய நான்தான் குடுத்தேன். என் கணக்கு தப்பு. என்னாலதான் உங்களுக்கு அப்படி ஆச்சு" என்றேன்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். என் உள்ளங்கையில் இருந்த மாத்திரையை எடுக்காமல், மெதுவாகச் சமையலறைப் பக்கம் திரும்பி மாமியாரைக் கூப்பிட்டார்.

"இந்தா, செத்த வந்து இந்த மாத்திரய எடுத்துக் குடு."

எழுத்து தெரியாத அந்த மனுஷி ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து, என் கையிலிருந்து மாத்திரையை எடுத்து அவர் வாயில் போட்டார்.